மூன்று வருஷமாக ரீஸ்டார்ட் ஆகாத ஸ்காடா சர்வர்: ஒரு கழிவுநீர் நிலையத்தில் எடுத்த பேட்ச், ஆன்டிவைரஸ் முடிவுகள்

பின்னணி

பழைய வட ஆற்காட்டில், பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் பதனிடும் டேனரிகள் இருக்கும் ஊர்களில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் 2022 ஆகஸ்டிலிருந்து 2023 மார்ச் வரை நடந்தது இது. நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அங்கே ஆட்டோமேஷன் பராமரிப்பு எங்கள் கையில் இருந்தது.

டேனரிகளிலிருந்து வரும் தண்ணீர் முதலில் ஒரு பெரிய சமன் தொட்டிக்கு வரும். அங்கிருந்து ஏரேஷன், அப்புறம் ஆர்ஓ, ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் உப்புத் தண்ணீர் எவாப்பரேட்டருக்குப் போகும். வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது என்பதால் எந்த இடத்திலும் தண்ணீர் தேங்கி நிற்க வழியில்லை, ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருக்கும். பம்ப், ப்ளோயர், வால்வு எல்லாவற்றையும் நேரடியாக ஓட்டுவது பிஎல்சி என்ற கன்ட்ரோலர். அதற்கு மேலே, நிலையம் முழுவதையும் ஸ்கிரீனில் காட்டி பிஎல்சிக்கு உத்தரவு அனுப்ப ஏ, பி என்று இரண்டு ஸ்காடா சர்வர், கன்ட்ரோல் ரூமில் மூன்று ஆபரேட்டர் ஸ்கிரீன், ஒரு இன்ஜினியரிங் கம்ப்யூட்டர். ஆபீஸ் பக்கத்தில் ஒரு ரிப்போர்ட் கம்ப்யூட்டர் உண்டு. எந்த டேனரி எவ்வளவு தண்ணீர் அனுப்பியது என்ற கணக்கை சர்வரிலிருந்து ஓபிசி என்ற தரவு இணைப்பு வழியாக எடுத்து மாசக் கடைசியில் பில் போடுவது அதுதான்.

சர்வர்கள் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, மற்றவை எல்லாம் விண்டோஸ் 10. பி சர்வர் ஸ்டாண்ட்பை, ஏ விழுந்தால் பி எடுத்துக்கொள்ளும் என்று காகிதத்தில் இருந்தது.

எப்படி ஆரம்பித்தது

ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் யாரோ செருகிய பென்டிரைவில், ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸ் ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஆன்டிவைரஸே அதைப் பிடித்துவிட்டது, சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் நிர்வாகக் குழுவுக்குச் செய்தி போனதும், எல்லாக் கம்ப்யூட்டரிலும் இந்த மாசத்துக்குள் ஆன்டிவைரஸ் போட வேண்டும், எல்லா விண்டோஸ் அப்டேட்டும் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. குழுவின் ஐடி ஆலோசகர் லைசென்ஸ் கீகளோடு வந்து நின்றார். சர்வரில் கை வைக்கவே கூடாது என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ். "சார், அது ஆஃப் ஆனா திரும்ப வரும்னு யாரு கேரண்டி குடுக்கறது?" என்று அவர் கேட்டதற்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எந்தப் பேட்ச், எந்த ஆன்டிவைரஸ் என்று பேசுவதற்கு முன்னால், ரீஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் போடும் பேட்ச் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். அதனால் முதல் ஒரு மாசம் எதையும் நிறுவாமல் இருக்கும் நிலைமையைப் பார்ப்பது மட்டும்தான் வேலை என்று மேனேஜரிடம் சொன்னோம், அவரும் சரி என்றார்.

பார்த்தபோது தெரிந்தவை

முதலில் ஏ சர்வர் கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் ஆனது என்று பார்த்தோம்.

```
systeminfo | find "System Boot Time"
```

2019 மார்ச் தேதி வந்தது. மூன்று வருஷத்துக்கு மேல். இவ்வளவு நாள் நிற்காமல் ஓடியது என்று பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. இடையில் யாரோ மாற்றிய ஏதாவது ஒரு செட்டிங், நின்றுபோன ஏதாவது ஒரு சர்வீஸ், தேய்ந்துபோன டிஸ்க், இவற்றில் எது அடுத்த ரீஸ்டார்ட்டில் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

`Get-HotFix` கொடுத்தால் நிலையம் தொடங்கிய 2016-க்கு அப்புறம் ஒரு பேட்ச் கூட ஏறவில்லை. அதாவது விண்டோஸின் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டையை அடைக்க 2017 மார்ச் 14 அன்று வந்த MS17-010 பேட்ச் இல்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அதே வருஷம் மே 12 அன்று வானாக்ரை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. பேட்ச் வந்து இரண்டு மாசம் கழித்து. இங்கே ஐந்து வருஷமாக அந்தக் கதவு திறந்தே இருந்திருக்கிறது. அந்த ஓட்டை இருக்கும் பழைய ஃபைல் ஷேரிங் முறையான எஸ்எம்பி 1 இரண்டு சர்வரிலும் ஆன். ரிப்போர்ட் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவில் இருந்த ஃபயர்வாலில் "எல்லாம் எல்லாவற்றுக்கும்" என்று ஒரே ஒரு ரூல்.

பி சர்வரின் கதை இன்னும் மோசம். ரேக்கின் முன் கதவைத் திறந்து, டிஸ்க்குகளின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்ததும் இரண்டில் ஒன்றில் ஆம்பர் லைட் எரிந்துகொண்டிருந்தது. மிரர் செய்த இரண்டு டிஸ்க்கில் ஒன்று எப்போதோ போய்விட்டது, மிச்சம் ஒன்றில்தான் ஓடுகிறது. எத்தனை நாளாக என்று கேட்டால், அந்தக் கதவை யாரும் திறந்ததே இல்லை. அதோடு, ஏ-யில் பின்னாளில் சேர்த்த டேக் என்ற அளவுப் புள்ளிகளும் ஸ்கிரீன்களும் பி-யில் இல்லை. ஏ நின்றிருந்தால் பி எடுத்திருக்கும், ஆனால் பழைய எவாப்பரேட்டர் ஸ்கிரீனோடு.

கேபிளைக் கழற்றிய சோதனை

சர்வர் இல்லாவிட்டால் நிலையத்துக்கு என்ன ஆகும்? பிஎல்சிதான் ஓட்டுகிறது, ஒன்றும் ஆகாது, ஸ்கிரீன் மட்டும்தான் தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னதை நம்பாமல் செய்தே பார்த்தோம். வரத்து குறைவாக இருக்கும் விடியற்காலை நேரம், ஒவ்வொரு லோக்கல் பேனலுக்கும் ஒரு ஆள், கையில் வாக்கிடாக்கி. எலக்ட்ரீஷியன் பாய், மோட்டார்களின் சுவிட்ச் பேனல்கள் இருக்கும் எம்சிசி அறையில். அப்புறம் இரண்டு சர்வரின் நெட்வொர்க் கேபிளையும் கழற்றினோம். சர்வரை அணைக்கவில்லை, கேபிளை மட்டும்தான். எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செருகிவிடலாம்.

ப்ளோயர் ஓடியது, ஆர்ஓ ஓடியது, டோசிங் கடைசியாக வாங்கிய செட்பாயின்ட்டிலேயே நின்றது. ஆறேழு நிமிஷத்தில் ஆர்ஓ ரிஜெக்ட் தொட்டி பக்கத்திலிருந்து மூத்த ஆபரேட்டர் வாக்கிடாக்கியில், "தம்பி, டிரான்ஸ்ஃபர் பம்ப்பு நிக்கலப்பா, தொட்டி அடியில போயிட்டு இருக்கு, இது ஸ்கிரீன்லேர்ந்துதான் நிக்கும்" என்றார். பாய் அந்த பம்ப்பை எம்சிசியில் கையால் நிறுத்தினார்.

நடந்தது இதுதான். ரிஜெக்ட் தொட்டியிலிருந்து எவாப்பரேட்டர் ஃபீட் தொட்டிக்குத் தள்ளும் அந்த பம்ப்பின் ஆன், ஆஃப் லாஜிக் பிஎல்சியில் இல்லை. நிலையம் தொடங்கிய பிறகு சேர்த்த பம்ப் அது. அன்றைக்கு பிஎல்சி புரோகிராமைத் தொட வழியில்லாமல், ஸ்காடாவில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டியிருக்கிறார்கள். சர்வர் நின்றால் பம்ப் கடைசி நிலையிலேயே தொடரும். ஓடிக்கொண்டிருந்தால் வறண்டு ஓடி சீல் போகும், நின்றிருந்தால் தொட்டி வழியும்.

இந்த ஒரு பம்ப்தான் அந்த சர்வரை ரீஸ்டார்ட் செய்ய முடியாததாக வைத்திருந்த உண்மையான காரணம். பயம் என்று நாங்கள் நினைத்ததற்குப் பின்னால், ஆபரேட்டர்களுக்குத் தெரிந்து யாரும் எழுதி வைக்காத ஒரு விவரம் இருந்தது. முதல் முடிவு இங்கே எடுத்தோம். லாஜிக்கை பிஎல்சிக்கு மாற்றுவது, தொட்டியில் குறைந்த மட்டத்தில் பம்ப்பை நிறுத்தும் இன்டர்லாக் ஒன்றும் சேர்ப்பது. அதை முடித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி கேபிளைக் கழற்றினோம். அரை மணி நேரம் சர்வர் இல்லாமல் நிலையம் ஓடியது. பி-யின் டிஸ்க்கையும் மாற்றி, மிரர் முழுசாகக் கட்டி முடியும் வரை காத்திருந்து, ஏ-யின் புராஜெக்டை பி-யில் ஏற்றினோம்.

ரீஸ்டார்ட் இல்லாமலே செய்தவை

பேட்ச் ஏற்ற நாள் வரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. எஸ்எம்பி 1-ஐ சர்வர் பக்கத்தில் நிறுத்த ரீஸ்டார்ட் வேண்டாம்.

```
Get-SmbServerConfiguration | Select EnableSMB1Protocol
Set-SmbServerConfiguration -EnableSMB1Protocol $false
```

ஆபரேட்டர் கம்ப்யூட்டர்கள் சர்வரின் ஷேர் ஃபோல்டரைப் படிக்கின்றன, ஆனால் அவை விண்டோஸ் 10, எஸ்எம்பி 2-க்கு மேல் பேசும் என்பதால் பிரச்சினை இல்லை. ஒரு சர்வரில் செய்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் செய்தோம். நடுவில் இருந்த ஃபயர்வாலில் அந்த ஒற்றை ரூலை எடுத்துவிட்டு, ஆபீஸ் பக்கத்திலிருந்து ரிப்போர்ட் கம்ப்யூட்டருக்கு மட்டும், ஓபிசிக்கு வேண்டியதை மட்டும் திறந்தோம். எஸ்எம்பி பேசும் 445 போர்ட் முழுசாக மூடல். இங்கே இருந்த பழைய வகை ஓபிசியான ஓபிசி டிஏ, விண்டோஸின் டிகாம் வழியாகப் பேசுவது, 135-ல் ஆரம்பித்து அப்புறம் தனக்குத் தோன்றிய பெரிய எண் போர்ட்டுக்குத் தாவும். அதனால் சர்வரில் டிகாம் போர்ட் எல்லையை ஒரு சின்ன வரம்புக்குள் கட்ட வேண்டியிருந்தது. அந்த மாற்றம் ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம்தான் அமலுக்கு வரும், அதையும் பேட்ச் நாளுக்கான பட்டியலில் எழுதி வைத்தோம். அதுவரை வரம்பு அகலமாகத்தான் இருந்தது.

ஆன்டிவைரஸ்: எங்கே போட்டோம், எங்கே போடவில்லை

ஆலோசகருக்கும் எங்களுக்கும் நீண்ட பேச்சு நடந்தது இதில்தான். ரிப்போர்ட் கம்ப்யூட்டர், இன்ஜினியரிங் கம்ப்யூட்டர் இரண்டிலும் முழு ஆன்டிவைரஸ் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பென்டிரைவும் லேப்டாப்பும் வெளியிலிருந்து வந்து தொடும் இடங்கள் அவை. ஆபரேட்டர் கம்ப்யூட்டர்களிலும் போட்டோம், ஸ்காடா நிறுவனம் சொன்ன ஃபோல்டர்களை ஸ்கேனிலிருந்து விலக்கி, அட்டவணைப்படி ஓடும் முழு ஸ்கேனை மூன்றிலும் வெவ்வேறு ராத்திரியில் வைத்து.

சர்வர்களை என்ன செய்வது? முதலில் ஒரு நகலில் போட்டுப் பார்த்தோம். ஏ சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே Disk2vhd என்ற மைக்ரோசாஃப்டின் சின்னக் கருவியால் அதன் டிஸ்க்கை ஒரு விஎச்டி கோப்பாக எடுக்கலாம், எதையும் நிறுவ வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். எடுக்கும்போது டிஸ்க் வேலை அதிகமாகும் என்பதால் ராத்திரியில், வெளி டிஸ்க்குக்கு. அந்தக் கோப்பை எங்கள் வொர்க்ஷாப்பில் ஒரு ஹைப்பர்-வி மெஷினில் ஏற்றினோம். இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த நகலை நிலையத்தின் நெட்வொர்க்கில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. அதே பெயர், அதே ஐபி, அதே ஸ்கிரிப்ட். உண்மையான பிஎல்சிக்கு எழுத ஆரம்பித்துவிடும்.

நகல் பூட் ஆகி வந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அப்போதே கிடைத்துவிட்டது, விண்டோஸ் திரும்ப எழுந்து வரும் நிலையில்தான் இருக்கிறது. ஹார்டுவேர் பற்றிய பாதி மட்டும் பாக்கி.

நகலில் ஆன்டிவைரஸை எந்த விலக்கும் இல்லாமல் நிறுவினோம். மூன்று விஷயம் தெரிந்தது. நிறுவி முடிக்கவே ரீஸ்டார்ட் கேட்டது. டிரெண்ட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஸ்கேன் நுழைந்ததால், ஒரு வாரத்து டிரெண்டைத் திறக்க முன்பு சில நொடிகள் ஆனது, இப்போது ஸ்கிரீன் உறைந்து நின்றது. மூன்றாவது, யாரோ ஒரு பழைய கான்ட்ராக்டர் எழுதி வைத்த, கையொப்பம் எதுவும் இல்லாத ஒரு சின்ன exe-ஐ சந்தேகப்பட்டு குவாரன்டைனுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மாச பில்லுக்கான கணக்கைக் கூட்டுவது அந்த exe. உண்மையான சர்வரில் இது நடந்திருந்தால் மாசக் கடைசியில்தான் தெரிய வந்திருக்கும்.

விலக்கு கொடுத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் தீரும் என்று ஆலோசகர் சொன்னார், அது உண்மைதான். ஆனால் எங்களுக்குக் கவலை தினமும் வரும் டெஃபனிஷன் அப்டேட் பற்றியது. 2010 ஏப்ரலில் ஒரு பெரிய ஆன்டிவைரஸின் ஒரு நாள் அப்டேட் விண்டோஸ் எக்ஸ்பியின் svchost.exe-யையே வைரஸ் என்று நினைத்து எடுத்து, உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் சுழலில் தள்ளியது. அப்டேட்டைச் சோதித்துப் பார்த்து ஏற்ற இங்கே ஆள் இல்லை. சோதிக்காமல் தினமும் ஏற்றினால் அந்த ஆபத்து, ஏற்றாமல் விட்டால் ஆறு மாசப் பழைய டெஃபனிஷனோடு ஒரு பெயரளவு ஆன்டிவைரஸ்.

சர்வரில் ஓட வேண்டியவை மொத்தமே ஒரு கைப்பிடி புரோகிராம்கள், வருஷத்துக்கு ஒருமுறை கூட மாறாதவை. அப்படிப்பட்ட இடத்தில் கெட்டதைத் தேடுவதை விட, தெரிந்ததை மட்டும் ஓட விடுவது எளிது. ஆகவே சர்வர்களில் ஆன்டிவைரஸ் வேண்டாம், விண்டோஸிலேயே இருக்கும் ஆப்லாக்கரை வைத்து அனுமதிப் பட்டியல் போடுவது என்று முடிவெடுத்தோம். இதற்கும் ரீஸ்டார்ட் தேவையில்லை.

முதலில் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஆடிட் நிலையில் விட்டோம். தடுத்திருக்கக் கூடிய ஒவ்வொன்றும் ஆப்லாக்கர் லாகில் 8003 என்ற எண்ணோடு விழும். உண்மையில் தடுக்க ஆரம்பித்த பிறகு அதுவே 8004 ஆகும். ஆடிட்டை மாசக் கடைசியைத் தாண்டி ஓட விட்டதால்தான் அந்த பில் exe 8003-ஆக வந்து விழுந்தது, இரண்டு வாரத்தோடு நிறுத்தியிருந்தால் தவறியிருக்கும். ஸ்காடா மென்பொருள் D: டிரைவில் ஒரு ஃபோல்டரில் இருந்தது. அந்த ஃபோல்டர் முழுசுக்கும் அனுமதி கொடுத்தால் வேலை சுலபம், ஆனால் ரன்டைம் தன் லாக் கோப்புகளை அங்கேயே எழுதுவதால் அந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படியென்றால் வைரஸும் தன்னை அங்கே எழுதிக்கொண்டு ஓடலாம். அதனால் கையொப்பம் உள்ளவற்றுக்குத் தயாரிப்பாளர் ரூல், இல்லாதவற்றுக்கு ஹாஷ் ரூல்.

இதன் எல்லையையும் குழுவிடம் எழுத்தில் கொடுத்தோம். வானாக்ரை பயன்படுத்தியது போன்ற ஓட்டை, நெட்வொர்க் வழியாக விண்டோஸின் உள்ளேயே நுழைவது. அதை அனுமதிப் பட்டியல் தடுக்காது. அட்மின் உரிமை கையில் கிடைத்தவனையும் தடுக்காது. அதற்குத்தான் 445 மூடலும், கடைசியில் பேட்ச்சும்.

நகலில் பேட்ச் ஏற்றியபோது

2022 டிசம்பர் மாத ரோல்அப் வரை ஏற்றுவது என்று இலக்கு வைத்து நகலில் செய்தோம். உடனே ஏறவில்லை. இந்த சர்வர்களை நிறுவிய டிஸ்க் பழசு, 2014 ஏப்ரலில் வந்த KB2919355 அதில் இல்லை, அது இல்லாமல் 2012 ஆர்2-க்குப் புது பேட்ச் எதுவும் ஏறாது. அதற்கு முன்னால் KB2919442 வேண்டும். அப்புறம் சர்வீசிங் ஸ்டாக், அப்புறம்தான் ரோல்அப். ஒரு ரீஸ்டார்ட் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது நகலில் மூன்று ரீஸ்டார்ட் ஆனது, நடுவில் ஒன்று "அப்டேட்டை அமைக்கிறது" என்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. அந்த நேரத்தை நகலில் பார்த்திருக்காவிட்டால், உண்மையான நாளில் யாராவது பயந்து பவர் பட்டனை அழுத்தியிருப்பார்கள்.

அப்புறம் ரிப்போர்ட் கம்ப்யூட்டரின் நகலையும் ஏற்றி ஓபிசி இணைப்பைச் சோதித்தோம். இணையவில்லை. சர்வர் நகலின் சிஸ்டம் லாகில் DistributedCOM, 10036:

```
The server-side authentication level policy does not allow the user ... from address ... to activate DCOM server.
```

இது எதிர்பார்த்ததுதான். டிகாம் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் மூன்று கட்டமாக இறுக்கியது. 2021 ஜூனில் வசதி வந்தது, ஆனால் தானாக அமலில் இல்லை. 2022 ஜூன் 14 முதல் தானாக அமலுக்கு வந்தது, ரெஜிஸ்ட்ரியில் நிறுத்திக்கொள்ளலாம். 2023 மார்ச் 14 முதல் நிறுத்தவே முடியாது. பழைய ஓபிசி டிஏ கிளையன்ட்டுகள் குறைந்த பாதுகாப்பு நிலையில் கதவைத் தட்டுகின்றன, பேட்ச் ஏறிய சர்வர் திறக்க மறுக்கிறது. மற்ற எந்தக் கோளாறும் இல்லாமல், பேட்ச் சரியாக ஏறியதாலேயே நிற்கும் இணைப்பு இது.

தீர்வும் ஒரு பேட்ச்சில்தான் இருந்தது. 2022 நவம்பர் மாத விண்டோஸ் அப்டேட், கிளையன்ட் பக்கத்தில் அந்த நிலையைத் தானே உயர்த்திவிடும். ரிப்போர்ட் கம்ப்யூட்டர் நகலில் அதை ஏற்றியதும் இணைப்பு வந்தது. இதிலிருந்து வரிசை முடிவானது: கிளையன்ட்டுகள் முதலில், சர்வர்கள் கடைசியில். சர்வரை முதலில் ஏற்றுபவர்களுக்கு அன்றைக்கே கணக்கு நிற்கும்.

ரெஜிஸ்ட்ரி வழியாக இறுக்கத்தை நிறுத்திவிடலாமே என்று ஆலோசகர் கேட்டார். மார்ச்சில் எப்படியும் அந்த வழி மூடும், இரண்டு மாசத்துக்காக ஒரு விதிவிலக்கை வைத்தால் அது மறந்துபோய் அப்படியே கிடக்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம்.

பொங்கல் நாட்கள்

நாள் தேர்ந்தெடுத்தது மேனேஜர். பக்ரீத் நாளில் டேனரிகள் மூடியிருக்கும், ஆனால் அடுத்த நாளிலிருந்து பச்சைத் தோல் வந்து குவியும், உப்புத் தண்ணீர் வரத்து ஏறும், அந்தப் பக்கம் போகவே கூடாது என்றார். பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், வரத்து பல நாள் குறைவாகவே இருக்கும், சமன் தொட்டியையும் முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

2023 ஜனவரி 14, போகி அன்று பி சர்வர். பேட்ச் கோப்புகளை ஆபீஸில் மைக்ரோசாஃப்ட் கேட்லாகிலிருந்து இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, ஸ்கேன் செய்து, இந்த வேலைக்கு மட்டுமே என்று ஒதுக்கிய பென்டிரைவில் கொண்டு வந்தோம். மூன்று ரீஸ்டார்ட்டும் நகலில் பார்த்தபடியே போயின. ஒன்றே ஒன்று நகலில் தெரியாதது: நெட்வொர்க் கார்டு தயாராகும் முன்பே ஓபிசி சர்வீஸ் கிளம்பி, பிஎல்சியைக் காணாமல் எல்லா டேக்கும் Bad என்று காட்டியபடி நின்றுவிட்டது. சர்வீஸைக் கையால் நிறுத்தி ஓட்டியதும் சரியானது. அதைத் தாமதமாகக் கிளம்பும்படி மாற்றி, இன்னொரு ரீஸ்டார்ட் செய்து உறுதி செய்துகொண்டோம்.

அன்று மாலையே பொறுப்பை ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றினோம். ஏ-யை உடனே தொடவில்லை. பழைய நிலையில் ஓடும் ஒரு சர்வர் கைவசம் இருக்க வேண்டும், பி இரண்டு நாள் முழுச் சுமையோடு ஓடிக் காட்டட்டும் என்பது திட்டம்.

அந்த இரண்டு நாளில்தான் ஆய்வகத்திலிருந்து ஃபோன் வந்தது, எக்செலில் எண்கள் வரவில்லை என்று. ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டர் பிஎச், டிடிஎஸ் அளவுகளை நேரடியாக ஸ்காடாவிலிருந்து ஓபிசியில் இழுக்கிறது என்பது எங்கள் பட்டியலிலேயே இல்லை. கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே, ஆனால் அதே ஸ்விட்சில் இணைந்திருந்தது. பி-யின் லாகில் 10036, அதன் ஐபியோடு வரிசையாக. ரெஜிஸ்ட்ரியில் நிறுத்திவிடுங்கள், பொங்கல் முடிந்து பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அந்த ரெஜிஸ்ட்ரி மாற்றம் அமலுக்கு வரவும் சர்வர் ரீஸ்டார்ட் ஆக வேண்டும். ஓடும் பி-யை ஒரு ஆய்வக எக்செலுக்காக இறக்குவதில் அர்த்தம் இல்லை. ஆய்வகக் கம்ப்யூட்டரைப் பார்த்தால், அதன் C: டிரைவ் நிரம்பிப்போய் பல மாசமாக விண்டோஸ் அப்டேட் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. இடம் காலி செய்து அப்டேட் ஏற்றினோம், எண்கள் வந்தன. நடுவில் ஒரு ஷிஃப்ட் கெமிஸ்ட் கையால் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல் காலையில் ஏ. ஷிஃப்ட் இன்சார்ஜ் லீவு போடாமல் வந்து பக்கத்தில் நின்றார். முதல் ரீஸ்டார்ட்டில் ஸ்கிரீன் கறுப்பாகி, திரும்ப லாகின் ஸ்கிரீன் வரும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏ-யின் டிஸ்க்குகள் தாங்கின. சர்வீஸ் தாமதத்தை முன்கூட்டியே மாற்றியிருந்ததால் டேக்குகள் ஒரே தடவையில் நல்ல நிலைக்கு வந்தன. டிகாம் போர்ட் வரம்பும் இரண்டு சர்வரிலும் இந்த ரீஸ்டார்ட்டுகளோடு அமலுக்கு வந்தது, ஃபயர்வாலிலும் அதற்கேற்பக் குறுக்கினோம்.

அதன் பிறகு

மார்ச் ரோல்அப்பை முதலில் நகலில் ஏற்றி, கிளையன்ட்டுகள் எல்லாம் இணைவதைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பி, அடுத்த ஞாயிறு ஏ என்று ஏற்றினோம். தலா ஒரே ரீஸ்டார்ட். ஆபரேட்டர்கள் ஸ்கிரீனில் சர்வர் மாறியதற்கான அலாரம் மட்டும்தான் பார்த்தார்கள்.

இப்போது பேட்ச் ஏற்ற வருஷத்துக்கு இரண்டு நேரம் வைத்திருக்கிறோம், இடையில் வருபவற்றை மாசாமாசம் படித்துப் பிரிக்கிறோம். கேட்கும் கேள்வி இதுதான்: இந்த ஓட்டையை, நாங்கள் ஃபயர்வாலில் திறந்து வைத்திருக்கும் வழியில் வந்து தொட முடியுமா? முடியும், அதோடு வெளியே யாரோ அதை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்றால் காத்திருக்க மாட்டோம், நகலில் பார்த்துவிட்டு அந்த வாரமே பி-யில் ஏறும். பிரவுசர், ஆபீஸ், பிரின்டர் தொடர்பானவை பெரும்பாலும் அடுத்த நேரத்துக்குப் போகும். சர்வரில் பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸையே நிறுத்திவிட்டோம், அங்கிருந்து யாரும் எதுவும் பிரின்ட் எடுப்பதில்லை.

ஆப்லாக்கரை ஜனவரி கடைசியில் தடுக்கும் நிலைக்கு மாற்றினோம். 8004 ஒன்றிரண்டு வந்தது, எல்லாம் யாராவது சர்வரில் ஏதோ ஒரு இன்ஸ்டாலரைத் திறக்கப் பார்த்தது.

அடுத்த முறை மாறப்போவது

கம்ப்யூட்டர் பட்டியலை ஆட்களைக் கேட்டு மட்டும் தயாரிக்க மாட்டோம். சர்வரிடமே கேட்க வேண்டும். ஒரு மாசத்துக்கு, மணிக்கு ஒருமுறை ஷெட்யூல் டாஸ்க்கில் இதை ஓட்டி ஒரு கோப்பில் சேர்த்தால், யார் யார் வந்து பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

```
netstat -ano | findstr ESTABLISHED
```

ஆய்வகக் கம்ப்யூட்டர் முதல் நாளிலேயே இதில் வந்திருக்கும்.

புது வேலை கொடுக்கும் ஒப்பந்தங்களில், எந்தக் கன்ட்ரோல் லாஜிக்கும் ஸ்காடா ஸ்கிரிப்டில் இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறோம், ஒப்படைக்கும் நாளில் கேபிளைக் கழற்றும் சோதனையும். ரேக் கதவைத் திறந்து டிஸ்க் லைட்டைப் பார்ப்பது வாராந்திர எலக்ட்ரிக்கல் ரவுண்டில் சேர்ந்துவிட்டது, பாய் கையெழுத்துப் போடுகிறார்.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு இலவச பேட்ச் 2023 அக்டோபர் 10-உடன் நின்றுவிட்டது. அதற்கப்புறம் இலவசமாக ஏற்ற ஒன்றும் இல்லை என்பதால், பி-யைப் புது மெஷினில் புது விண்டோஸோடு கட்டி, ஓபிசி டிஏ இருக்கும் இடங்களில் டிகாமே தேவைப்படாத ஓபிசி யுஏ-வுக்கு மாற்றி, இதே மாதிரி பி முதலில், ஏ பிறகு என்று போவதற்கான மதிப்பீட்டைக் குழுவிடம் கொடுத்திருக்கிறோம்.